அடுப்பு ஏற்காத பித்தளைப் பானை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழையும் வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பார்சல் கட்டும் வேலை எனக்கு. மகள் கல்யாணமாகி ஜெர்மனி போனாள். அவளுக்குத் தலைப்பொங்கல். பிறந்த வீட்டுப் பானையில், தன் வீட்டிலேயே பால் பொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் நான் மட்டும் கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் வாங்கிய பித்தளைப் பானைக்குள் பச்சரிசியும் வெல்லமும் அடைத்து, லுங்கியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பானை நசுங்கவில்லை. இலை, தழை எதுவும் விமானத்தில் கொண்டுவரக் கூடாது என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தார்.

அவர்கள் வீடு நாலாவது மாடி. ஒரு அறையும் அதிலேயே சமையலும். வெளியே பனி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால், பச்சைக் காகிதத்தில் மாவிலை வெட்டி டேப்பால் ஒட்டினோம். மாடிப்படியை அடைக்கக் கூடாது என்று விதி. அதனால் டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து வீட்டுக்குள் விரித்து, அதன்மேல் மகள் கோலம் போட்டாள். இலங்கைத் தமிழர் கடையில் கரும்பு முழ நீளத் துண்டாக, பிளாஸ்டிக் சுற்றிக் கிடைத்தது. மஞ்சள் கிழங்கு கிடைத்தது, ஆனால் கொத்து இல்லை. வெங்காயத் தாளைக் கிழங்கோடு சேர்த்துப் பானையின் கழுத்தில் கட்டினாள். தூரத்தில் நின்று பார்த்தால் மஞ்சள் கொத்துதான்.

பொங்கலன்று அங்கே லீவு இல்லை. மருமகன் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். சூரியன் வரவே எட்டு மணி ஆகும். வந்தாலும் மேகத்துக்குள்தான், எந்தப் பக்கம் என்று போனில் பார்த்துக்கொண்டோம்.

பானையை அடுப்பில் வைத்தாள். கண்ணாடி அடுப்பு, நெருப்பு கிடையாது. ஏதோ ஒரு குறி மின்னியது, பிறகு அணைந்துவிட்டது. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகுமாம். பித்தளையில் காந்தம் ஒட்டாது. பானை வாங்கும்போது நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“குக்கர்லயே வெச்சிடலாம், விடு” என்றார் மருமகன்.

“தலைப்பொங்கல குக்கர்ல வெச்சேன்னு எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. நான் கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழ்மாடியில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருந்தாள், மகளுக்குப் பழக்கம். விஷயம் கேள்விப்பட்டு, பிளக்கில் சொருகும் ஒற்றைத் தட்டு மின்னடுப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“என்ன அண்ணாச்சி, ஊர்லேருந்து பான வந்துருக்கு, அடுப்பு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக்கும்?”

நான் சிரித்துவைத்தேன்.

அந்த அடுப்பின் இரும்புத் தட்டில் எந்தப் பாத்திரமும் சூடாகும். ஆனால் பானையின் அடி உருண்டை, தட்டில் நடுப்பகுதி மட்டும்தான் பட்டது. கழுத்துவரை பால் ஊற்றி வெகுநேரம் ஆகியும் ஆவிகூட வரவில்லை. மருமகன் சட்டை மாற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாதிப் பால எவர்சில்வர் சட்டில மொண்டு கண்ணாடி அடுப்புல சூடு பண்ணி, திரும்ப இதுல ஊத்தட்டுமாப்பா?” என்றாள் மகள்.

“அதுல காய வெச்சு இதுல ஊத்துனா, பொங்குன கணக்குல வருமாட்டி?” என்று திருநெல்வேலிப் பெண் கேட்டாள்.

நான் போனைப் பானைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். ஓசூரில் மனைவி போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மத்தியானம், பொங்கல் தின்று முடித்துவிட்டார்கள்.

“கொதிக்க வுடாத, சூடு மட்டும் ஏத்து. பொங்குறது பானையில தான? அப்ப சரிதான்” என்றாள் மனைவி.

அப்படியே செய்தோம். சூடான பாலை ஊற்றியதும் பானை ஓரம் நுரை கட்டியது. மருமகன் ஒரு காலில் ஷூவோடு வந்து நின்றார். நுரை ஏறி, வெங்காயத் தாளை நனைத்து வழிந்தது. “பொங்கலோ பொங்கல்” என்று சொல்லி முடிப்பதற்குள், தட்டில் விழுந்த பால் கருகிப் புகைந்தது. கூரையிலிருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அதற்குப் பயந்துதான் கற்பூரம்கூட ஏற்றாமல் இருந்தோம். மருமகன் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினார். நான் ஜன்னலைத் திறந்தேன், பனிக்காற்று முகத்தில் அடித்தது.

“என்னாடி அது சத்தம்?” என்றாள் மனைவி.

“இந்த ஊரு மேளம்மா.”

“எந்தப் பக்கம் வழிஞ்சது?”

“ஜன்னல் பக்கம்மா. கெழக்குதான்.”

மகள் அரிசியைப் போட்டாள். மருமகன் வேகாத பொங்கலுக்குக் காத்திருக்க முடியாமல் வெல்லக்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஓடினார். சாயங்காலம் வந்து சாப்பிட்டார்.

பானையில் பால் கருகிய கறை இருந்தது. புளியை வீணாக்க மனமில்லாமல் மகள் தக்காளி சாஸ் தடவித் தேய்த்தாள். நன்றாகவே பளபளத்தது. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். பானை தேய்க்க ஆகும் என்று தெரியாது.

மின்னடுப்பு அடுத்த பொங்கல்வரை இங்கேயே இருக்கட்டும் என்று திருநெல்வேலிப் பெண் சொல்லிவிட்டாள்.

ஓசூர்,
மாசி மாதம், முதல் ஞாயிறு.