பத்து நிமிடம் நின்ற நுரை

நுரையக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளம் போடுகிறவருக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு அவர் நுரையக்காதான். பேக்கரியின் பின்கட்டில், ஜன்னலோரத்தில், தனி மேசை, தனி மிக்ஸர், ஒற்றை அடுப்பு என்று குட்டி ராஜ்யம் ஒன்றை நடத்திவந்தார். ராஜ்யத்தின் விளைபொருள் ஒன்றே ஒன்று: முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்த நுரை.

ஆரம்பத்தில் அவர் ரொட்டி அறையில்தான் இருந்தார். மாவு சலிப்பது, பிசைவது, உருட்டுவது. சில வருஷத்தில் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊத ஆரம்பித்தார்கள். மாடிப்படி ஏறினால் ஊதினார்கள், சிரித்தால் ஊதினார்கள். மாவுத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை, அது இல்லாத இடமாகப் பாருங்கள் என்றார் டாக்டர். பேக்கரியில் வேலை செய்கிறவரிடம் மாவில்லாத இடம் பார்க்கச் சொல்வது, மீனிடம் ஈரமில்லாத இடம் பார்க்கச் சொல்வது மாதிரி. ஆனால் பெரிய முதலாளி நல்ல மனிதர், அல்லது அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். நுரை மேசையில் மாவு கிடையாது என்பது அவருக்குத் தோன்றியது. அங்கே மாறிய பிறகு விசில் நின்றது. அக்காவுக்கு அந்த மேசை என்றால் வேலை இல்லை, மூச்சு.

அங்கே அவர் மூன்று விதமாக நுரை செய்தார். பச்சை வெள்ளைக்கருவை அடித்து, அது நுரைத்து வரும்போது சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டு எடுப்பது ஒன்று. மூன்றில் இதுதான் உயரம், இதுதான் லேசு, இதுதான் நம்பமுடியாதது. செய்த கையோடு குறைந்த சூட்டில் நிதானமாகக் காயவைத்தால் வாயில் போட்டதும் நொறுங்கிக் காணாமல்போகும் பிஸ்கட் ஆகும். அடுப்புக்குள் போகாமல் சும்மா இருந்தால் தண்ணீர் விட்டு மெல்ல மெல்ல அழ ஆரம்பிக்கும்.

இரண்டாவது, வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கிண்ணத்தில் ஒன்றாகப் போட்டு, கொதிக்கிற தண்ணீரின் ஆவிமேல் வைத்துக் கிண்டிக்கொண்டே இருப்பது. விரலில் தொட்டுத் தேய்த்தால் ஒரு சர்க்கரை மணிகூடத் தட்டுப்படக் கூடாது. வெப்பமானி எழுபதைத் தொடவேண்டும். பிறகு இறக்கி, கிண்ணம் ஆறும்வரை அடிப்பது. கனமாக, பளபளவென்று வரும். வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்தால் கேக்குக்குப் பூசுகிற வழவழப்பான கிரீம் ஆகும்.

மூன்றாவது பாகு. சர்க்கரைப் பாகை நூற்றுப் பதினெட்டு டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருண்டையாகத் திரளும் பதம். அதை, பாதி நுரைத்து ஓடிக்கொண்டிருக்கிற வெள்ளைக்கருவில், மிக்ஸரின் கம்பிக்கும் கிண்ணத்தின் சுவருக்கும் நடுவே நூலாக ஊற்றவேண்டும். கம்பிமேல் பட்டால் பாகு சுற்றிலும் தெறித்து மிட்டாயாக ஒட்டிக்கொள்ளும், கையிலும் சேர்த்து. இந்த நுரை மற்ற இரண்டையும்விட உறுதி. எலுமிச்சை டார்ட்டின் தலையில் வைத்து, மேலே தீ காட்டிச் சிவக்கவைத்து, கண்ணாடிப் பெட்டியில் நாள் பூராவும் நிறுத்தலாம்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது பெரிய முதலாளிக்கு மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளைக்கு நிர்வாகம் தெரியும். நிர்வாகம் தெரிந்தவர்கள் ஒரு இடத்துக்கு வந்ததும் முதலில் எண்ணுவார்கள். அவர் பின்கட்டில் நின்று, ஒரே வெள்ளை நிறத்தில் மூன்று கிண்ணங்களை எண்ணினார்.

"மேடம், இது மூணும் ஒண்ணுதானே?"

"இல்ல சார், மூணும் வேற."

"முட்டைதானே? சர்க்கரைதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன வேற?"

அக்கா விளக்கினார். மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே கேட்டார். தலையாட்டுவதும் நிர்வாகத்தில் ஒரு பாடம். கடைசியில், ஒரே நுரை போதும் என்றார். எது சுலபமோ அதை ரொட்டி அறை ஆட்களே காலையில் ஒரு கை அடித்துவிடலாம், தனி மேசை எதற்கு, நீங்களும் பழைய இடத்துக்கே போய்விடலாம், அங்கே ஆள் குறைவு. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

அக்காவுக்கு உள்ளே ஒரு தடவை விசில் ஊதிப் பார்த்தது.

"சார், செஞ்சு காட்டறேன். மூணு நுரையையும் மூணு பலகாரத்துலயும் போட்டு வைக்கிறேன். நீங்களே சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"நல்ல ஐடியா," என்றார் மாப்பிள்ளை. "வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாடிக்குக் கொண்டுவாங்க."

வியாழக்கிழமை அடுப்புக்காரர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே அக்காவின் காதுக்குப் பக்கத்தில் வந்தார். அவர் அக்காவைவிடச் சின்னவர், வாய் மட்டும் மூத்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே. மூணுல சுலபம் அந்தப் பச்சை நுரைதான், அவர் அதைத்தான் புடிச்சுக்குவாரு. நாளைக்கு அதைக் கொஞ்சம் கெடுத்துச் செய்யுங்க."

"எப்படிக் கெடுக்கறது?"

"அது நான் சொல்லணுமா? துளி மஞ்சக்கரு விழுந்தா போதும், எழும்பவே எழும்பாது. இல்ல, சர்க்கரைய மொத்தமா கொட்டுங்க. மாடில போய் சேரும்போது தட்டுல தண்ணி ஓடட்டும். அதான் உங்க வக்கீல்."

"பொய் சாட்சிடா அது."

"அது பொழுது போனா தானா அழுவுதா இல்லியா? நீங்க கொஞ்சம் முன்னாடியே அழ வைக்கிறீங்க. அவ்வளவுதான்."

அக்கா யோசித்தார். இரவு வீட்டுக்காரரிடமும் கேட்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர். "கெடுத்துடு, இதுல என்ன யோசனை" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். காலையில் கெடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் அக்கா பேக்கரிக்குப் போனார்.

ஆனால் மிக்ஸர் ஓட ஆரம்பித்ததும் கை யாரைக் கேட்டது? கிண்ணத்தைப் பிசுக்கில்லாமல் துடைத்தது. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டது. நுரை மெத்தென்று வந்ததும் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டது, முந்தின கரண்டி கரையும்வரை காத்திருந்தது. கம்பியைத் தூக்கியபோது நுனி வளையாமல் நின்றது. அடுப்புக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பச்சை நுரையில் வெண்ணெய் சேர்த்தபோது அது தயிர் மாதிரி திரிந்தது; அங்கேயாவது விட்டிருக்கலாம். அக்கா கிண்ணத்தை ஐஸ்மேல் வைத்து, மறுபடி அடித்து, அதையும் தேற்றிவிட்டார். கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

பதினொரு மணிக்கு அக்காவும் அடுப்புக்காரருமாக ஒன்பது தட்டுகளை மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஏ.சி. அறை. மாப்பிள்ளை, பெரிய முதலாளி, கணக்குப் பார்க்கிறவர். பிஸ்கட்டில் பச்சை நுரை ஜெயித்தது. அது நியாயம், அதன் இடமே அதுதான். கேக் கிரீமில் பச்சை நுரையும் ஆவியில் கிண்டிய நுரையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. எலுமிச்சை டார்ட்டில்தான் அக்கா தன் மூச்சையே வைத்திருந்தார். அங்கே பச்சை நுரை பாகு நுரையைவிட ஒரு விரல்கடை உயரமாக, மேகம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்காவே ஒரு நொடி அதைப் பார்த்துப் பெருமைப்பட்டார் என்று அடுப்புக்காரர் பிற்பாடு சொன்னார்.

"இதுதான் நல்லா இருக்கு," என்றார் பெரிய முதலாளி. கணக்குப் பார்க்கிறவரும் அதையே சொன்னார். முதலாளி சொன்ன பிறகு அவர் வேறு எதையும் சொன்னதாக வரலாறு இல்லை.

"சார், இப்ப அப்படித்தான் இருக்கும். சாயந்திரம் வரைக்கும் வெச்சுப் பாருங்க. தண்ணி விட்டுரும்."

மாப்பிள்ளை சிரித்தார். "மேடம், ருசி பாக்கக் கூப்பிட்டீங்களா, காவல் காக்கக் கூப்பிட்டீங்களா?"

"அதில்லாம, டார்ட்டுமேல அது பச்சை முட்டை சார். தீ காட்டினா மேல்தோல்தான் சிவக்கும், உள்ள வேகாது. யாருக்காவது வயித்துக்கு ஆகாம போச்சுன்னா?"

"ஜிம்முக்குப் போறவன் பச்சை முட்டைய டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறான்," என்றார் மாப்பிள்ளை. விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது. பத்து நிமிடத்தில் மூவரும் அடுத்த கூட்டத்துக்கு எழுந்து போனார்கள்.

மிச்சத் தட்டுகளைப் பத்திரப்படுத்தி சாயந்திரம் காட்டலாம் என்று அக்கா கீழே கொண்டுவந்து வைத்தார். கைகழுவிவிட்டு வருவதற்குள் டெலிவரிக்காரர்கள் சாட்சிகள் அத்தனையையும் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா என்றார்கள்.

திங்கட்கிழமை முதல் எல்லாவற்றுக்கும் பச்சை நுரை. மாறுகிற ஒரு வாரத்துக்கு மட்டும் அக்காவே அடித்துக் கொடுக்கட்டும் என்று உத்தரவு. காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் டார்ட்டுகள் கம்பீரமாகப் போய் உட்கார்ந்தன. மத்தியானம் நுரைக்கும் எலுமிச்சைக்கும் நடுவே தண்ணீர் கட்டியது. சாயந்திரம் ஒவ்வொன்றும் வழுக்கை மண்டையிலிருந்து நழுவும் டோப்பா மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு வாடிக்கையாளர் டப்பாவைத் திறந்து காட்டி, இது அழுவுதா வேர்க்குதா என்று கேட்டார்.

மாப்பிள்ளை பின்கட்டுக்கு வந்தார்.

"என்ன மேடம் இது? வெள்ளிக்கிழமை நின்னுச்சே?"

"பத்து நிமிஷம் நின்னுச்சு சார். அதான் அன்னிக்கே சொன்னேன்."

"அன்னிக்கு நின்னது இன்னிக்கு ஏன் நிக்கல? அதே முட்டை, அதே சர்க்கரை, அதே கை."

"நேரம் வேற சார்."

மாப்பிள்ளை ஜன்னலோர மேசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், வருத்தமாகக் கேட்டார்: "வேணும்னே செய்யறீங்களா மேடம்? அந்த மேசைக்காக?"

கெடுக்கச் சொன்ன நாளில் கெடுக்காதவருக்கு, கெடுக்காத நாளில் கெடுத்த பெயர். பக்கத்தில் நின்ற அடுப்புக்காரர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வேலை வேண்டும்.

மாப்பிள்ளை சீக்கிரமே வழி கண்டுபிடித்தார். நீல மூடி போட்ட வாளிகள் வந்தன. உள்ளே பாலும் இல்லாத, முட்டையும் இல்லாத ஒரு வெள்ளை. அது அழாது, சரியாது, ஒரு வாரம் ஆனாலும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ருசி என்று எதுவும் இல்லாததால் குறை சொல்லவும் எதுவும் இல்லை. விற்பனை ஒரு துளியும் குறையவில்லை. இதுதான் இந்தக் கதையில் அக்காவால் கடைசிவரை செரிக்க முடியாமல்போன பகுதி. வாளி வெள்ளையை அடுப்பில் காயவைக்க முடியாது என்பதால் நுரை பிஸ்கட்டை நிறுத்தினார்கள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

ஜன்னலோர மேசையில் வாளிகளை அடுக்கினார்கள். அக்கா டாக்டர் சீட்டோடு மாடிக்குப் போய், டப்பா மடிக்கிற இடத்திலாவது போடுங்கள் என்றார். மாப்பிள்ளை சீட்டை முழுசாகப் படித்தார்.

"உங்களை மாதிரி கைத்தேர்ச்சி இருக்கறவங்களை டப்பா மடிக்க விட்டா எனக்குப் பாவம் மேடம்," என்றார். மறுநாளே ரொட்டி அறைக்கு ஒரு பெட்டி முகமூடி அனுப்பிவைத்தார்.

வேறு பேக்கரிகளையும் அக்கா விசாரித்துப் பார்த்தார். வேலை இருந்தது, ரொட்டி அறையில். வீட்டுக்காரர், விட்டுத்தொலை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் பஸ்ஸில் கூடுதல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அக்கா மாவு சலிக்கிறார். முதல் சலிப்பிலேயே அறை வெளுத்துவிடுகிறது. முகமூடிக்குள் நெஞ்சு ஊதுவது பிசைகிற இயந்திரத்தின் இரைச்சலில் கேட்பதில்லை. அவர் எதையாவது சொல்கிறபோது துணிக்குள் சொல் மங்கி, எதிரில் இருப்பவர், என்னக்கா, என்று கேட்பார். ஆரம்பத்தில் அக்கா முகமூடியை இறக்கித் திரும்பச் சொல்வார். இறக்கினால் தூசு. இப்போது, ஒண்ணுமில்ல, என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கிறார்.