தகரச் சுவரில் மாட்டிய பெட்டி

மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் எதையும் சும்மா காட்டுவதில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்கோடியில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர், ஒரு பெட்டியின் வரைபடத்தை நீட்டினார்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிற கன்ட்ரோலர் பலகைக்கான பெட்டி அது. பலகை திறந்து கிடந்ததால் பஞ்சுத்தூசி படிந்து இரண்டு முறை கெட்டுவிட்டது. மூட்டு தேய்ந்த அவர் மனைவி நூல் அறுகிறதா என்று பார்க்க நான்கு தறிக்கும் நடுவே நாள் முழுக்க நடக்கிறார். பலகை ஒழுங்காக வேலை செய்தால் அவர் உட்காரலாம்.

வரைந்தது, திருவேங்கடம் சாலையில் முப்பரிமாண பிரிண்டர் வைத்திருக்கும் பெண். காற்று புகக் கீழே துளைகள், சூடு வெளியேறப் பக்கவாட்டில் மேலே துளைகள், தூசி விழாமல் அவற்றின் மேல் சாய்வான விளிம்பு, திருகு பூட்ட நான்கு காதுகள். நான் ஒன்பது அம்சக் குறிப்பு எழுதினேன். அச்சடித்து வந்த பெட்டிக்குள் பலகையை வைத்து நாள் முழுக்க ஓட்டி, உள்ளே வெப்பத்தை அளந்தேன். நாற்பத்தைந்து டிகிரி. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் அறுபதை நெருங்கினால்தான் இளகும். கையெழுத்திட்டேன். தறிக்கூடத்தின் தகரச் சுவரில் பெட்டியை மாட்டினார்கள்.

அது சித்திரை மாதம். ஒரு வாரம் கழித்துத் தறிக்காரர் வந்து கூப்பிட, போய்ப் பார்த்தேன். மேல் காதுகள் இளகி இழுபட்டு, பெட்டி முன்னால் சரிந்து, மூடி வாய் பிளந்திருந்தது. தூசி உள்ளே போய்விட்டது. நூல் அறுந்தும் தறி நிற்கவில்லை. இரண்டு முழத் துண்டு வீண்.

“பெட்டியும் என்ன மாதிரி முட்டி மடங்கிட்டு, அண்ணாச்சி” என்றார் மனைவி. “சுவரோட சூட்ட அளந்தியளா?”

அளக்கவில்லை. மேற்கு வெயில் விழும் தகரச் சுவர்; அன்று மூன்று மணிக்கு அளந்தபோது அறுபத்தொன்று. என் குறிப்பில் உள்ளே இருந்த வெப்பம் மட்டும்தான் இருந்தது.

பிரிண்டர் பெண் குறிப்பைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“காது அம்புட்டுக் கனத்தையும் தாங்குது, சார். தகரத்தோட ஒட்டிக் கெடந்தா இளகாம என்ன செய்யும்? இந்தத் தடவ பெட்ஜிங்கிற வேற பிளாஸ்டிக்ல அடிச்சுத் தாரேன். எழுவது டிகிரிக்கு மேல வர தாங்கும்.”

“தகரத்துலயே மாட்டலாமா?” என்றேன்.

“வேண்டாம். அங்கன செங்கல் தூண் நிக்குல்லா, அதுல மாட்டுங்க.”

காதுகளைத் தடிமனாக்கி, திருகுகளுக்கு அகல வாஷர் வைத்தாள். பெட்டிக்கும் தூணுக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டாள். துளைகளுக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் மெல்லிய வலை. பூட்டியதும் தறிக்காரர் ஒரு பாவு நூலைக் கத்தரித்தார். தறி நின்றது.

அவர் மனைவி உட்காரவில்லை. பத்து நாளும் மூன்று மணிக்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, ஒரு நூலைத் தானே கத்தரித்து, தறி நின்றதும் நூலை முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். பதினோராம் நாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தறிகளுக்கு நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டிக்கு முகத்தைக் காட்டியபடி.