எழுத்தை எடுத்தால்தான் கோடு வரும்

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தாயார் சன்னதியில் கும்பிட்டுவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, புத்தூரில் கட்டட பிளான் போடும் ஒரு கடைக்குப் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே சுருட்டியிருந்தது ஒரு கிராமத்தின் வரைபடம்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். லால்குடி பக்கம் ஒரு கிராமத்தை அளந்தபோது, ஊர்க்காரர்கள் கோயிலில் வைக்க ஒரு படம் கேட்டார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து தாள்போல் விறைப்பாக்கிய வரைபடத் துணியில் மை போட்டு வரைந்து கொடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். அதனால் ஏரி, வாய்க்கால், கொல்லை என்று எல்லாப் பெயரையும் என் மனைவிதான் எழுதினாள்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கும்பாபிஷேகம் வருகிறது, படத்தைப் பூச்சி அரித்துவிட்டது, புதிதாகப் போட்டுத் தாருங்கள் என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். "சாமிகிட்ட இருந்தது, பின்னமாயிட்டா வச்சுக்கக் கூடாதுங்க. புதுசு வந்ததும் பழசைக் காவேரியில விட்டுடுவோம்" என்றார்கள். நியாயம்தான். நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் பேனா பிடித்தால் என் கை நடுங்குகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் அதைப் போனில் படம் பிடித்து ஏ.ஐ.யிடம் வரையச் சொன்னார். பளபளவென்று வந்தது. ஏரி இடம் மாறியிருந்தது. ஊரில் இல்லாத தோப்பு ஒன்று முளைத்திருந்தது.

கடைக்கார அம்மாவிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். "அது உங்க படத்தை வரையலைங்க. கிராமம்னா இப்படித்தான் இருக்கும்னு அதுவா ஒண்ணு போட்டிருக்கு."

"அப்ப மெஷினால முடியாதாம்மா?"

"முடியுங்க. கூடவே ஆள் உட்காரணும்."

துணியை மெல்ல விரித்து, பெரிய ஸ்கேனரில் நகல் எடுத்தார். பக்கத்தில் சாட்டிலைட் படத்தைத் திறந்தார். இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களைக் காட்டச் சொன்னார். கோயில் மதில் மூலை, ஏரி மதகு, பாலம், சாவடி, கிணறு என்று காட்டினேன். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று அழுத்த அழுத்த, கம்ப்யூட்டர் என் படத்தை இழுத்துப் பூமியின் மேல் பொருத்தியது. ஒவ்வொரு புள்ளியும் எத்தனை மீட்டர் தள்ளி விழுகிறது என்றும் காட்டியது. நான் காட்டிய கிணறு மட்டும் எக்கச்சக்கமாக விலகியது.

"பழைய கிணத்தைத் தூத்துட்டுத் தள்ளி வெட்டியிருக்காங்கம்மா" என்றேன். அந்தப் புள்ளியை எடுத்ததும் மற்றவையெல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. "துணி குறுக்குவாட்டுல சுருங்கியிருக்கு, அதையும் நிமித்திட்டேங்க" என்றார்.

அடுத்து, கோட்டின் மேலேயே போய்த் தானாக வரையும்படி கம்ப்யூட்டரை ஓடவிட்டார். வரப்புகளெல்லாம் மளமளவென்று வந்தன. வாய்க்காலுக்கு மட்டும் ஒரு கிளை புதிதாக முளைத்திருந்தது. உற்றுப் பார்த்தால், 'வாழைக்கொல்லை' என்ற பெயரில் இருந்த ழகரத்தின் வால்!

"யாருங்க எழுதினது? வாலை வாய்க்கால் வரைக்கும் இழுத்து விட்டிருக்காங்களே!"

"என் வீட்டுக்காரிம்மா. இழுத்து முடிச்சாத்தான் அவளுக்கு எழுத்து."

"மெஷினுக்குக் கருப்பா இருக்கறதெல்லாம் கோடுங்க. எழுத்தையெல்லாம் அழிச்சாத்தான் சரியா வரும். அப்புறம் நான் டைப் பண்ணிப் போட்டுடறேன். அழிச்சிடட்டுங்களா?"

துணி காவேரிக்குப் போகப் போகிறது. இங்கேயும் அழித்துவிட்டால் அவள் எழுத்து எங்கே இருக்கும்? வீட்டில் பால் கணக்கு எழுதிய காகிதம்கூட மிச்சமில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அழிக்க வேணாங்க. வெட்டித் தனி அடுக்குல வச்சுக்கறேன். கோடு ஒரு அடுக்கு, எழுத்து ஒரு அடுக்கு. கண்ணாடிமேல கண்ணாடி வச்ச மாதிரி. கொஞ்சம் நேரமாகும், இருப்பீங்களா?"

வீட்டில் எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? இருந்தேன். ஒவ்வொரு பெயராகச் சுற்றி வளைத்து எடுத்தார். எழுத்து கோட்டைத் தொட்ட இடங்களில் கோடு அறுந்தது. அதையெல்லாம் என்னைக் கேட்டுக் கேட்டுக் கையாலேயே இணைத்தார். பிறகு மறுபடி ஓடவிட்டார். வாய்க்கால் தன் வழியில் போயிற்று.

"இப்ப பாருங்க" என்று கோடு இருந்த அடுக்கை மறைத்தார்.

வரப்பு இல்லை, ஏரி இல்லை. வெள்ளைத் திரையில் அவள் எழுத்து மட்டும், அததன் இடத்தில் நின்றது. பூச்சி தின்ற இடத்தில் பாதிப் பெயர். ரங்கநாதா என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

கோயிலுக்கு அச்செழுத்தோடு பெரிய படம் போயிற்று. பழைய துணியை ஊர்க்காரர்களோடு போய் நானே ஆற்றில் விட்டேன். எழுத்து அடுக்கை மட்டும் அந்த அம்மா அச்சிட்டுத் தந்த தாள் என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றியபின், பேச்சுத்துணை இல்லாத வீட்டில், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறேன். ஒரு ஊரையே அளந்தவனுக்கு, பகவான் கடைசியில் இந்தத் தாளளவு இடம் போதும் என்று கொடுத்திருக்கிறான் போலும்.