முழுதும் இறங்காத முனை

உண்ணாமலை பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒயர் தெரியாது என்று புதுக்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட்டுகள் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கூடியது. முன்பு ஒயர்கள் உள்ளே எப்படிக் கிடந்தாலும் தகரக் கதவு மூடிக்கொள்ளும். இப்போது ஆட்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "அந்த அக்காவையே கட்டச் சொல்லுங்க" என்கிறார்கள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த மறு மாதம் அரவிந்த்குமாரின் கம்ப்யூட்டர் கடைக்கு வேலைக்கு வந்தாள். பதினேழு வருடமாகக் கீரனூரிலிருந்து காலை எட்டேகால் பஸ். முதல் இரண்டு வருடம் கீபோர்டு துடைத்தாள், பிரிண்டருக்கு மை நிரப்பினாள். ஒருநாள் பூட்டுகிறவர் வராமல் போக, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய ஆறு மெஷின்களை ஒரே பகலில் பூட்டி முடித்தாள். அதன் பிறகு அந்த மேசையை யாரும் அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை.

மென்மையான கை. எதையும் வலிந்து அழுத்தமாட்டாள். ஓங்கி முறுக்கினால் திருகின் மரை தேயும், அழுத்தினால் போர்டில் விரிசல் விழும் என்பது அவள் கண்ட பாடம். பூட்டி முடித்ததும் இரண்டு போட்டோ எடுப்பாள். முழு கேபினெட்டும் தெரிகிற படம் வாட்ஸப்பில் வாடிக்கையாளருக்குப் போகும். ஒயர் முனைகளை நெருக்கத்தில் எடுத்த படம் அவளிடமே இருக்கும். நாளைக்கு யாராவது நீ எதையோ மாற்றிவிட்டாய் என்று சொன்னால் காட்டுவதற்கு. இதுவரை யாரும் சொன்னதில்லை.

கந்தர்வக்கோட்டையில் கவியரசன் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவன் கேமரா பிடிப்பான். எடிட்டிங் முழுக்க அவன் மனைவி தேவிப்ரியா. பங்குனியில் இருவரும் சேர்ந்து வந்து பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினார்கள். முந்நூறு வாட்டுக்கு மேல் தின்கிற கார்டு. உண்ணாமலை அதற்கு முன் பூட்டிய பெரிய கார்டுகளில் எட்டு பின் வாய்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் தடித்த ஒயர்களை அவற்றில் செருகினால் டக்கென்று சத்தம் வரும். இதில் அப்படி இல்லை. எட்டு பின் வாயைவிடச் சின்னதாக ஒரே ஒரு வாய். அதில் கரண்டுக்குப் பன்னிரண்டு பின், மேலே ஊசி போல நான்கு. அட்டைப்பெட்டியிலேயே ஒரு இணைப்பு ஒயர் இருந்தது. மூன்று எட்டு பின் முனைகள் ஒன்று சேர்ந்து ஒரு பன்னிரண்டு பின் முனையாக முடியும்.

மூன்று எட்டு பின்களையும் செருகினாள். டக், டக், டக். பிறகு பன்னிரண்டு பின்னை வைத்து அழுத்தினாள். பாதி போனதும் இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நின்றது. புதுக் கார்டு, பெரிய விலை, போர்டு லேசாக வளைவது தெரிந்தது. போதும் என்று கையை எடுத்தாள். பிறகு கண்ணாடிக் கதவு மூட வேண்டுமே என்று, வாயை ஒட்டியே ஒயரை மடக்கி, பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டினாள். எட்டு பின் ஒயர்களை எத்தனையோ முறை அப்படிக் கட்டியிருக்கிறாள். மெஷினைப் போட்டார்கள். படம் வந்தது. தேவிப்ரியா கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்து, "அக்கா, ஒயரே காணோம்" என்றாள்.

ஐந்து மாதம் ஓடியது.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிய வாரம், மத்தியானத்தில், நீளமான ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. மெஷினுக்குள் ஃபேன்கள் மட்டும் தலைதெறிக்கச் சுற்றின. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. தேவிப்ரியா சுவரில் ஸ்விட்சை அணைத்ததால் அதோடு நின்றது.

கவியரசன் கார்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒயர் முனை வாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒயரைக் கட்டிய டேக்கும் அப்படியே இருந்தது. வலது ஓரத்தில் இரண்டு பின்கள் இருந்த இடம் பழுப்பாக உருகித் தொங்கியது. இடது பக்கம் புதிது போல இருந்தது. அரவிந்த்குமார் திருச்சியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் அங்கிருந்து ரகுநாத் போனில் பேசினான். உண்ணாமலையும் கேட்கட்டும் என்று அரவிந்த்குமார் ஸ்பீக்கரில் போட்டான்.

"வாரண்டி கிளெய்ம் கெடைக்காது சார். முனை முழுசா எறங்கல. ஒரு பக்கம் சாய்ஞ்சு நின்னுருக்கு."

"இத்தன மாசம் ஓடிருக்கே?"

"ஓடும் சார். பழைய எட்டு பின்னுல நூத்தம்பது வாட்டுதான், பின்னும் தடி. கொஞ்சம் வெளிய நின்னாலும் தாங்கிரும். இதுல சின்னப் பின்னு வழியா அத்தன கரண்டும் போகுது. ஓரம் சரியாப் படலன்னா படுற எடத்துல சூடு ஏறும். ஒரு நாள்ல உருகாது, கொஞ்சங் கொஞ்சமா. இப்ப வர்ற கார்டுல மேல இருக்க அந்த நாலு ஊசியக் கட்டையாக்கிட்டாங்க. முழுசா எறங்கலன்னா கார்டு கெளம்பவே கெளம்பாது. இது அதுக்கு முந்தினது."

அரவிந்த்குமார் போனை வைத்தான். உண்ணாமலையைப் பார்க்கவில்லை. கவியரசனுக்கு அடித்தான்.

"தம்பி, யாரோ முனையக் கழட்டிட்டுச் சரியாப் போடாம விட்ருக்காங்க. மெசின்ல தூசி ஊதுறது யாரு?"

கவியரசன், "ப்ளோயர் வச்சு தேவிதாண்ணே ஊதுவா" என்றான்.

"பாத்துக்கங்க. எங்க பக்கம் தப்பு வராது. எங்க உண்ணாமலை கை."

அவள் அப்போது ஒரு லேப்டாப்பின் திருகுகளைக் காந்தத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சாயங்காலம் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைத் திறந்து பங்குனி மாதத்துக்குத் தள்ளிப் போனாள். நெருக்கத்தில் எடுத்த படம் இருந்தது. இரண்டு விரலால் விரித்தாள். முனையின் இடது ஓரம் வாயோடு ஒட்டியிருந்தது. வலது ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெளிச்சம். ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். கூடவும் இருக்கலாம். முனையின் பூட்டுக் கொக்கி வாயின் மேட்டைத் தாண்டி விழாமல் அதன் மேலேயே நின்றது. பக்கத்தில் அவள் கட்டிய டேக், அழகாக, வாலை ஒட்ட வெட்டி. அதுதான் ஒயரை அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். நார்த்தாமலை தாண்டும் வரை அதையே செய்தாள்.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் அரவிந்த்குமாரிடம் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"இத வேற யாருக்கும் அனுப்புனியா?"

"இல்ல சார்."

"அழிச்சுரு."

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்துருச்சு சார்."

"அது புருஷன் பொண்டாட்டி விசயம். ரெண்டு நாள்ல சரியாப் போகும். ஒன்னோட பேர வச்சுத்தான் நாலு பேரு கடைக்கு வாரான். அத நீயே கெடுத்துக்குவியா?"

அவள் அழிக்கவில்லை. அனுப்பவுமில்லை. பதினைந்து வருடமாக அவள் பூட்டிய ஒரு மெஷினும் தப்பென்று திரும்பி வந்ததில்லை என்பது அவளுக்குச் சோறு மாதிரி. அதைத் தவிர அவளிடம் எடுத்துச் சொல்ல வேறொன்றுமில்லை. நாள் போனது. அடுத்த வாரம் கவியரசன் மவுஸ் வாங்க வந்தான். "எடிட்டிங்குக்குத் தஞ்சாவூர்ல ஒரு பையனப் பிடிச்சுட்டேன்க்கா" என்றான். "இனிமே மெசின் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். நாந் தொடலன்னு ஒரே அழுக. தொடாம எப்புடிக்கா எரியும்?"

உண்ணாமலை மவுஸைப் பில் போட்டுக் கொடுத்தாள். அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டதும் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை கடைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, முந்திரிக்காடுகள் வழியாகக் கந்தர்வக்கோட்டைக்குப் போய் இறங்கினாள்.

ஸ்டூடியோவில் கவியரசன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். எடிட்டிங் மேசைக்கு முன் நாற்காலி காலியாக இருந்தது. தேவிப்ரியா உள்ளே ஆல்பம் அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, என்ன இங்கிட்டு?" என்றான்.

"ரெண்டு பேருகிட்டயும் பேசணும். தேவியக் கூப்புடுங்க."

அவள் வந்து நின்றாள். கையில் பசை. உண்ணாமலை போனை எடுத்து, படத்தை விரித்து, இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"இது நீங்க எடுத்துட்டுப் போன அன்னைக்கு நான் எடுத்த படம். இந்த ஓரத்தப் பாருங்க. நான்தான் முழுசா எறக்கல. போர்டு ஒடஞ்சுருமோன்னு பயந்து விட்டுட்டேன். ஒயரையும் ஒட்டக் கட்டிட்டேன். தேவி கழட்டவேயில்ல. கழட்டியிருந்தா நான் போட்ட டேக்க வெட்டியிருக்கணும். கார்டு வந்தப்ப டேக் அப்படியே இருந்துச்சு."

கவியரசன் படத்தை வெகுநேரம் பார்த்தான். "சரி விடுங்கக்கா" என்றான், யாரையும் பார்க்காமல். "தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்."

"அதெப்புடி விடுறது?" என்றாள் தேவிப்ரியா. குரல் உயரவில்லை. "எங்க அம்மாகிட்ட போன் போட்டுச் சொன்னீங்கல்ல, ஒங்க மக கைய வச்சா வெளங்காதுன்னு. இப்ப போடுங்க."

அவன் லென்ஸைத் துணியில் சுற்றினான். சுற்றியதைப் பிரித்தான்.

"போடுறேன்."

"இப்ப."

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

தேவிப்ரியா உண்ணாமலையின் பக்கம் திரும்பினாள். "இது ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

உண்ணாமலை பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்வியை நினைத்திருந்தாள்.

"பதினோரு நாளாச்சு."

"பதினோரு நாள்." அவள் பசைக் கையைப் புடவையில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டாள். "நாந் தூங்கலக்கா. தொட்டோமா, தொடலையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

மன்னித்துவிடு என்று உண்ணாமலை சொல்ல நினைத்தாள். அது தனக்காகக் கேட்பதாக இருக்கும் என்று பட்டது. சொல்லவில்லை.

தேவிப்ரியா போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினில் இப்போது எட்டு பின் போட்ட பழைய கார்டு இருந்தது. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "இதே மாதிரி முனை வச்சு வேற யாருக்காச்சும் கட்டிக் குடுத்திருக்கீங்களா?"

உண்ணாமலை நினைவில் எண்ணினாள். மணமேல்குடியில் ஒன்று. கீரனூரில் ஒன்று. டவுனில் இரண்டு. எல்லாவற்றிலும் ஒயரை அழகாக மடக்கிக் கட்டியிருக்கிறாள்.

"நாலு."

"அங்க வீட்டுல கொழந்தைக இருக்கும்ல."

கடையிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்து நின்றிருந்தது. உண்ணாமலை அதைத் தள்ளிவிட்டு மணமேல்குடி எண்ணைத் தேடினாள். மணி அடித்தது. எடுத்தவர் யாரென்று கேட்டார்.

"புதுக்கோட்டையில ஒங்க கம்ப்யூட்டரப் பூட்டுன உண்ணாமலை பேசுறேங்க. மெசின அணைச்சுட்டு, செவத்துல பிளக்கையும் பிடுங்கி வச்சுருங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வாரேன். நான் வர்ற வரைக்கும் போட வேண்டாம்."