மாற்றி வைத்த கச்சேரி

கரமனையில் எங்கள் சபாவின் டிக்கெட் மேசை என்றால் நாகலக்ஷ்மிதான். இத்தனை வருடத்தில் அவள் ஒரு கச்சேரியையும் உட்கார்ந்து கேட்டதில்லை. வாசல்வரை வரும் சத்தத்தோடு சரி. இந்த முறை பிடிவாதமாகக் காசு கொடுத்து மூன்றாம் வரிசையில் டிக்கெட் வாங்கினாள். இலவச பாஸ் என்றால் பிரமுகர் யாராவது வந்ததும் எழுப்பிவிடுவோம், எங்களை அவளுக்குத் தெரியாதா? இந்தச் சனிக்கிழமைக்காகவே மூட்டு ஆபரேஷனையும் அதற்கடுத்த புதனுக்குத் தள்ளிப்போட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆரஞ்சு அலர்ட் வந்தது. திறந்தவெளி, இரும்பு மேடை, மைக் ஒயர்கள். இடி மின்னலில் யாரை உட்கார வைப்பது? பாடகிக்கோ அடுத்த ஞாயிறை விட்டால் மார்கழி முடியும்வரை தேதி இல்லை.

"ஞாயித்துக்கெழமைன்னா எல்லாருக்கும் சௌகரியப்படுமோ?" என்று செயலாளர் ஸ்ரீகண்டன் அவளிடம்தான் கேட்டார்.

"படும். லீவு நாளல்லே," என்றாள். தன் முழங்காலைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'மழை காரணம் இன்றைய கச்சேரி மாற்றி வைத்திருக்கிறது' என்று ஸ்ரீகண்டன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மலையாளத்தோடு வளர்ந்த எங்களுக்கு மாற்றி வைப்பதென்றால் தள்ளிவைப்பதுதான். டிக்கெட் வாங்கியிருந்த பிச்சைக்கனி நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டார்.

"எந்த ஹாலுக்கும்மா மாத்தி வச்சிருக்கிய? நாங்க வேன்ல ஏறியாச்சு."

"எறங்கிடுங்கோ. இன்னிக்கு எங்கயும் கச்சேரி இல்லை. எழுதினது எங்க தப்பு," என்றாள் நாகலக்ஷ்மி.

உடனே அவளே திருத்தி அனுப்பினாள்: 'இன்று கச்சேரி இல்லை. யாரும் புறப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு, அதே இடம், மாலை ஆறு மணி. இதே டிக்கெட், இதே இருக்கை. வர இயலாதவர்கள் செவ்வாய்க்குள் சொன்னால், பணம் செலுத்திய கணக்குக்கே முழுத்தொகையும் திரும்ப வரும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

பிறகு வாட்ஸ்அப் பார்க்காதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருவர் கத்தினார். முடிக்கும்வரை காத்திருந்து அதையே மறுபடி சொன்னாள். நானாக இருந்தால் போனை ஆற்றில் எறிந்திருப்பேன்.

சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவள் குரல் கம்மிப்போயிருந்தது. தன் போனிலிருந்து சபா நம்பருக்கு ஏதோ அனுப்பினாள். மேசையிலிருந்த சபா போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'வர இயலாது. பணம் திருப்பித் தரவும். நாகலக்ஷ்மி.'

"இதெல்லாம் என்ன நாகு? ஆபரேஷனை இன்னும் ஒரு வாரம் தள்ளேன்."

"கால் கேக்காது ஜெயா. இனிமே முடியலை." என் கையிலிருந்து போனை வாங்கி, எல்லோருக்கும் அனுப்பிய அதே செய்தியைத் தனக்கும் அனுப்பினாள். "பிச்சைக்கனி தன் தங்கைக்கு ஒரு டிக்கெட் கெடைக்குமான்னு கேட்டார். அந்த சீட்டைக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழமை மேசைக்கு நீ வந்துடு."

எனக்கு அழுகை வந்தது. அவள் போனில் டிங் என்று ஒலித்தது. எடுத்து வாசித்தாள், 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' வரைக்கும்.