ஊற வைத்த சீப்பு

பதினோரு வருடம் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்தேன். எண்ணெய்க் கறை, தூசி, நூல் அளவுக் கீறல் எது இருந்தாலும் பாகத்தைக் கழித்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். லைனில் என்னைப் பார்த்தாலே பையன்கள் முகம் சுளிப்பார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழங்கால் வலியால் எட்டு மணி நேரம் நிற்க முடியாமல் போனபோது வேலையை விட்டேன். அண்ணி பாகலூர் சாலைப் பக்கம் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறார். "சும்மா வூட்ல ஒக்காந்து என்ன பண்ணப்போற? எங்கூட வா" என்றார். போனேன். எனக்கு அவர் கொடுத்த வேலை பிரஷ், சீப்பு கழுவுவது.

முதல் நாள் சீப்பு வைக்கும் டிராயரைத் திறந்து பார்த்தேன். சீப்புப் பல்லுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. தலை எண்ணெய், பொடுகு, துண்டின் பஞ்சு, பவுடர், ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்துபோயிருந்தது. ஒரு வாரம் கூட்டம் அதிகம், ஆள் இல்லை, அதனால்தான் இப்படி என்றார் அண்ணி. நான் நம்பவில்லை. இது சிஸ்டம் இல்லாத குறை என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அண்ணிக்கு ஒரு முறை இருந்தது. முதலில் சீப்பின் கூர் வாலால் முடியைக் கிளப்பி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சீப்புகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கலந்து கொஞ்ச நேரம் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்க்க வேண்டும். மரப் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கவே கூடாது. நுரையை மட்டும் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பல் கீழே இருக்கும்படி துண்டின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும்.

"மரத்தை முக்காதம்மா, ஆமா?" என்று இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து கல்யாண ரிசப்ஷனுக்கு அண்ணியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓசூரைத் தாண்டி அவருக்குக் கிடைத்த முதல் கல்யாண வீடு. அந்த வீட்டின் சின்னப் பெண்ணுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பெரியவளுக்கு நன்றாக அமைந்தால் சின்னவளும் நம் கையில்தான் என்று அண்ணி ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தார்.

இந்தக் கல்யாண வீட்டுக்கு என் பங்காக ஏதாவது செய்யாமல் இருக்க முடியுமா? முந்தின நாள் சாயங்காலம் அண்ணி ஒரு வாடிக்கையாளருக்கு மெஹந்தி போட்டுக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் ஒரு பக்கெட்டில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, சலவை சோடா போட்டேன். கம்பெனியில் பாகங்களின் எண்ணெயை அப்படித்தான் எடுப்பார்கள். சீப்பு, உருட்டுப் பிரஷ், அகலமான மரப் பிரஷ் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் பார்த்தால் எல்லாம் புதுசு போல இருந்தன. மரப் பிரஷ்ஷை மட்டும் டிரையரால் நன்றாகக் காய வைத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. கம்பெனியில் இரண்டு கிராம் வித்தியாசத்துக்கு ஒரு டிரே முழுவதையும் திருப்பி அனுப்பிய இதே கை, அன்று பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பையில் வைத்தது. போதாததற்குக் கைப்பிடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி 'ஓகே' என்றும் எழுதினேன்.

ராயக்கோட்டை வீட்டில் மதியம் முழுவதும் வேலை நடந்தது. அண்ணி முகம் முடித்து, முடியை அயர்ன் செய்து நேராக்கிவிட்டு, "நீ கடைசியா ஒருவாட்டி சீவி விடு, நான் பூவைப் பிரிக்கிறேன்" என்றார். பெண் சந்தன நிறத்தில் வேலைப்பாடு செய்த ஜாக்கெட் போட்டிருந்தாள். தோளில் இருந்த துண்டு இடைஞ்சலாக இருக்கிறதென்று எடுத்துப் போட்டேன். இதுவும் நானேதான்.

மரப் பிரஷ்ஷின் ரப்பர் மெத்தையில் காற்றுப் போகப் பொடியாக ஒரு துளை இருக்கும். ராத்திரி முழுவதும் அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. எந்த டிரையருக்கும் அது எட்டவில்லை. தலையில் வைத்து அழுத்தியதும் மெத்தை அமுங்கி, பிரஷ்ஷின் வயிற்றில் எத்தனையோ மாதமாகச் சேர்ந்திருந்த அழுக்கோடு சாம்பல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எனக்குப் புரிவதற்குள் இன்னும் இரண்டு தடவை அழுத்திவிட்டேன். நேராக்கிய முடி நனைந்து சுருண்டது. ஜாக்கெட்டின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"என்னங்க இது? சில்லுனு இருக்குது!" என்று பெண் துள்ளினாள். அவள் அம்மா ஓடி வந்து முதுகைப் பார்த்தார். "அய்யய்யோ, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? ஓசூர்லருந்து வராங்க, நல்லா பண்ணுவாங்கன்னு நம்பித்தானே கூப்பிட்டோம்!"

அண்ணிக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார். அன்று தெலுங்கும் வரவில்லை. பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் சொட்டியது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தப்பு என்னுதுங்க. நாந்தான் ஊற வெச்சிட்டேன்" என்றார் அண்ணி.

பெண்ணின் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது பாத்து சொல்லியிருக்கக் கூடாதா? கம்பெனில குறை கண்டுபுடிக்கிற வேலைதான் பாத்தேன்னு வந்ததுலருந்து சொல்லினு இருந்தீங்களே!"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், நான் சொல்லியிருக்க வேண்டும், இவர்கள்தான் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம் வரும்படி, வருத்தத்தோடு ஆட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணி முடியை மறுபடி உலர்த்தி அயர்ன் செய்தார். ஜாக்கெட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். மிச்சக் கறை தெரியாதபடி பூச்சரத்தை முதுகில் தாழ்த்திக் குத்தினார். முக்கால் மணி நேரம் தாமதமாகப் பெண் மண்டபத்துக்குக் கிளம்பினாள். சின்னப் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அண்ணி, நீங்க ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. பொண்ணு அழுதா கண்மை கரைஞ்சிரும். யாராவது தப்ப ஏத்துக்கிட்டு முடிச்சாத்தானே வேலையைப் பாக்க முடியும்?" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை அண்ணியின் போனில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, வெளியே போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"யாருங்க பேசறது?"

"நேத்து உங்க பொண்ணு முதுகுல தண்ணி ஊத்தினவ பேசறேங்க. பிரஷ்ஷ ஊற வெச்சது நாந்தாங்க, எங்க அண்ணி இல்ல. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான் கேக்கல. நேத்து வாயத் தொறக்காம நின்னுட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்படியா சமாச்சாரம்" என்றார் அந்த அம்மா. "சரி, சின்னவளுக்கு உங்க அண்ணியவே வரச் சொல்லுங்க. நீங்க மட்டும் வர வேணாம்."

சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன்.