கரண்ட் வந்த பிறகு

கடலூர் சிப்காட்டில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். ஊரெல்லாம் கரண்ட் கட் பழகிப்போயிருந்த காலம் அது. சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது, இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. "இன்னிக்கு சாயந்திரம் சாம்பிள் சென்னைக்குப் போவணும்மா. போனாத்தான் உன் விஷயத்த மேல பேச முடியும்" என்று காலையில் மேனேஜர் சொல்லிவிட்டார்.

சாம்பிள் தயாராக, ஸ்பிரிட்டும் ஆசிடும் கலந்த கலவை மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். அதனால் கிட்டே பர்னர் கூடாது, குடுவையை அடியில் தாங்கிச் சூடேற்றும் மின்சார மேன்டில்தான். குடுவையின் கழுத்தை ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டுப் பிடித்தேன். பாதிக்கு மேல் ஊற்றவில்லை. அடியில் மரக்கட்டை வைத்து அதன்மேல் மேன்டிலை நிறுத்தினேன். அவசரமென்றால் கட்டையை உருவி மேன்டிலை இறக்கிவிடலாம். குடுவைக்கு மேலே, ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் கண்டென்சர். இப்படிக் கொதிக்கவிடுவதுதான் ரிஃப்ளக்ஸ். கண்டென்சரின் உறைக்குக் கீழ்க் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே, மேல் குழாய் வழியாக வெளியே. அப்போதுதான் உறை முழுக்கத் தண்ணீர் நிற்கும். கண்டென்சரின் உச்சியை மூடவே கூடாது. மூடினால் ஆவி போக வழியில்லாமல் குடுவையே வெடிக்கும். கொதிகற்கள் என்று பீங்கான் துண்டுகள் உண்டு. சூடு ஏற்றுவதற்கு முன்பே நாலைந்து போட்டேன். அவற்றின் துளைகளில் இருக்கும் காற்று சின்னச் சின்னக் குமிழாய்க் கிளம்பி, கொதியைச் சீராக வைக்கும். தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் ஸ்விட்சைப் போட்டேன். யாரும் குறை சொல்ல முடியாத அமைப்பு. இதில் எனக்குத் தன்னடக்கம் எல்லாம் கிடையாது.

"எம்மா, கல்யாணப் பந்தலாட்டம் ஜோடிக்கிறியே" என்றார் பக்கத்து மேசை அண்ணன். எனக்கு நாலு வருஷம் சீனியர், பெர்மனென்ட்.

"ஜோடிச்சாத்தான் பந்தல் நிக்கும்ணா" என்றேன்.

மதியம் கரண்ட் போனது. கொதி அடங்கியது. மேன்டில் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மோட்டார் ஓடாததால் மேல் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர்தான் கண்டென்சர் வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது கரண்ட் வந்திருந்தது. லேபில் எல்லாருக்கும் ஒரு பழக்கம். கரண்ட் போனால் ஸ்விட்சைப் போட்டே வைப்பார்கள். வந்ததும் தானே சூடேறட்டும், நேரம் மிச்சம் என்று. நான் அணைத்ததை அண்ணன் மறுபடி போட்டுவைத்திருக்கிறார், எனக்கு உதவியாம். குடுவை நல்ல சூடு, ஆனால் ஒரு குமிழ்கூட இல்லை. வெளிக்குழாயில் தண்ணீர் சொட்டு சொட்டாக வந்தது. தொட்டி காலி. அவர் கையில் இரண்டு கொதிகற்கள்.

"பழைய கல்லு வேல செய்யல. மேலேர்ந்து ரெண்டு போட்டா கொதிச்சிரும். மோட்டாரு ஓடுது, தண்ணி இப்ப வந்துரும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "போடாதீங்க." மறு கையால் ஸ்விட்சை அணைத்து, கட்டையை உருவி மேன்டிலை இறக்கினேன். ஒருமுறை கொதித்து ஆறிய கல்லின் துளைகளில் திரவம் புகுந்துவிடும், அது அப்புறம் சும்மா. குமிழுக்கு வழியில்லாமல் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிக் கிடக்கும் ஸ்பிரிட்டில் புதுக் கல் விழுந்தால், மொத்தமும் பொங்கிக் கண்டென்சர் உச்சி வழியாக வெளியே பாயும். அவர் முகம் அந்த உச்சிக்கு நேராக இருந்தது.

"சாம்பிள் லேட்டாவும்மா. உன் வேல போயிரும்" என்றார் மெதுவாக.

"போவட்டும்ணா."

குடுவை ஆறியது. புதுக் கல் போட்டேன். தொட்டி நிரம்பி, குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் மறுபடி சூடு. சென்னைக்குப் போகும் வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது.

மேனேஜர் வந்தார். "யாரு நிறுத்துனது?"

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னன்" என்றார் அண்ணன். அவரை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, என்னை அனுப்பலாம். அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் என் வேலையை இன்னொருவர் தன்னுடையதென்று சொல்ல, அது நல்ல மனசாகவே இருக்கட்டும், நான் விடமாட்டேன்.

"இல்ல சார். அவுரு கல்லப் போட வந்தாரு. நான்தான் கையப் புடிச்சன். தண்ணி இல்லாம, சூட்டுல கல்லு போட்டிருந்தா இவுரு மூஞ்சி இருந்திருக்காது."

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை குனிந்தபடி கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று சாயந்திரமே அவர் கைக்கு ஒரு மெமோ வந்தது.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உன்ன பெர்மனென்ட் பண்ணியாச்சு. இனிமே எவன் ரிஃப்ளக்ஸ் போட்டாலும் நீ பாத்துட்டு சரின்ன பொறவுதான் ஸ்விட்சு" என்றார்.

"அப்ப நேத்து அவுருக்குப் போட்ட மெமோவக் கிழிச்சிருங்க சார்" என்றேன்.